இரவுப் பணியும் இல்லம் சேரும் வழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு சங்கத்துச் செயற்குழுவினர் எமக்குத் தந்த தலைப்போ வேறு வகையானது. பூனாவில் பணியாற்றும் நம் பிள்ளைகள் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் வழியைப் பற்றி, வீட்டிலிருப்போர் கவலைப்படுவதோடு நில்லாமல், வேலை கொடுப்போரிடம் எடுத்துச் சொல்லுவது எங்ஙனம் என்பதே அத்தலைப்பு. இதனைச் சிறிய செய்தி என்று நாம் கருதவில்லை. கராடியிலும் ஹிஞ்சவடியிலும் மகர்பட்டாவிலும் பணி செய்வோர் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. மகள் வீடு சேர்ந்தாள் என்ற சொல் வரும் வரையில் திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஒரு தாய் விளக்கணைக்காமல் இருக்கிறாள்.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இக்கவலை இவ்வளவாக இல்லை. கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் படைத்தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நம் முன்னோர், தொழிற்சாலைக்கு அருகிலேயே குடியிருந்தனர். சங்கு ஊதினால் புறப்பட்டனர். கூட்டமாக நடந்தனர் அல்லது மிதிவண்டியில் சென்றனர். இன்று அலுவலகம் நகரின் ஒரு கோடியிலும் வீடு மறு கோடியிலும் இருக்கின்றன. வேலை நேரமோ அமெரிக்காவின் பகலை ஒட்டி அமைகிறது. கூட்டமாகச் சென்ற வழியில் இன்று ஒருவர் தனியே செல்லுகிறார். கவலையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்நகரில் நிகழ்ந்த இரண்டு கொடுமைகளை நினைவூட்டாமல் மேலே செல்ல இயலாது. துயருற்றோரின் பெயர்களை நாம் சொல்லப் போவதில்லை. அந்நிகழ்ச்சிகள் கற்பித்த பாடமே நமக்குத் தேவை.

முதலாவது, 2007-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரவு நிகழ்ந்தது. அழைப்பு மையம் ஒன்றில் வேலை செய்த 22 வயதுப் பெண், இரவு ஷிப்டுக்குச் செல்லுவதற்காக, நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த வாடகைக் காரில் ஏறினாள். அவ்வண்டியில் ஓட்டுநரோடு, அங்கே இருத்தற்கு எவ்வித உரிமையும் இல்லாத அவனுடைய நண்பன் ஒருவனும் இருந்தான். அன்றைய வரிசையில் அவளே முதலில் ஏற்றப்பட வேண்டியவள். மற்றோர் ஊழியர் அவளுக்குப் பின்னர் ஏற வேண்டியவர். இடைப்பட்ட தூரத்தில் வண்டி திசை மாறிக் கஹுஞ்சே என்னும் சிற்றூரின் பக்கம் சென்றது. அவள் கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நெடுநேரம் காத்திருந்த இரண்டாம் ஊழியரிடம் ஓட்டுநன் வந்து சேர்ந்தபோது, சக்கரம் பஞ்சர் ஆயிற்று என்று காரணம் சொன்னான். பூனா நீதிமன்றம் 2012-இல் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் அதனை உறுதி செய்தது. பின்னர் தண்டனையை நிறைவேற்றுவதில் ஏற்பட்ட காலத்தாழ்வைக் காரணமாகக் கொண்டு 2019-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அதனை 35 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இரண்டாவது, 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் நிகழ்ந்தது. கராடியில் பணியாற்றிய மென்பொருள் பொறியாளர் ஒருவர், வேலை முடிந்து மாலை எட்டு மணி அளவில் புறவழிச் சாலையில் வண்டிக்காகக் காத்து நின்றார். வாடகைக் கார் ஓட்டுநன் ஒருவன், வழியில் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றிச் சென்றான். அவரும் உயிரோடு திரும்பவில்லை. 2017 மே மாதத்தில் மூவருக்குப் பூனா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முதல் நிகழ்ச்சியில் நிறுவனம் வண்டி கொடுத்திருந்தது. ஆயினும் வண்டிக்குள்ளே யார் இருக்கிறார்கள், அது எங்கே போகிறது என்பதனை அந்நேரத்தில் ஒருவரும் கவனித்திலர். இரண்டாம் நிகழ்ச்சியில் நேரம் நள்ளிரவன்று, எட்டு மணி. நிறுவன வண்டி என்பதே அங்கு இல்லை. ஆகவே, வண்டி உண்டா என்ற கேள்வி மட்டும் போதாது என்பதனை முதலாவது கற்பிக்கிறது. நள்ளிரவுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதாது என்பதனை இரண்டாவது கற்பிக்கிறது. வேலை கொடுப்போரிடம் நாம் கேட்க வேண்டியவை எல்லாம் இவ்விரு பாடங்களிலிருந்தே பிறக்கின்றன.

இனிச் சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் பம்பாய்க் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் இடத்தில் மகாராஷ்டிர அரசு 2017-இல் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 13-ஆம் பிரிவு பெண் ஊழியர்களைப் பற்றியது. காலை 7 மணி முதல் இரவு 9-30 மணி வரை அவர்கள் வேலை செய்யலாம். இரவு 9-30-க்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் அப்பெண்ணின் இசைவு வேண்டும். அவளுடைய மானத்துக்கும் பாதுகாப்புக்கும் நிறுவனம் ஏற்பாடு செய்தல் வேண்டும். அலுவலகத்திலிருந்து வீட்டு வாயில் வரை வண்டி வசதியும் தருதல் வேண்டும். ‘வீட்டு வாயில் வரை’ என்பது சட்டத்தின் சொல்லே என்பதனை நினைவில் வையுங்கள். பெருஞ்சாலை முனையில் இறக்கிவிட்டு, உள்ளே சந்துக்குள் வண்டி திரும்பாது என்று சொல்லும் ஓட்டுநர், சட்டம் சொன்ன தூரத்தை முடிக்கவில்லை.

இச்சட்டம் பிறந்தபோது, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்துவதாகவும், நாள் வேலை ஒன்பது மணி நேரமாகவும் இருந்தது. 2025 செப்டம்பரில், இருபது பேர் என்றும் பத்து மணி நேரம் என்றும் இவற்றை மாற்றுவதற்கு மாநில அமைச்சரவை இசைவளித்தது. ஆகவே, சிறு அலுவலகங்களில் பணிபுரிவோர் தமக்கு எவ்விதி பொருந்தும் என்பதனைக் கடிதம் எழுதுமுன் உறுதி செய்துகொள்ளுதல் நலம். மேலும், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், நிறுவனம் தரும் வண்டியையும் பணியிடம் என்றே கொள்ளுகிறது. வண்டிக்குள் தகாத சொல்லோ செயலோ நிகழ்ந்தால், அது அலுவலகத்துக்கு வெளியே நடந்தது என்று நிறுவனம் கைகழுவ இயலாது. மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உட்குழுவிடம் முறையிடலாம்.

அண்டை மாநிலமான கர்நாடகத்தின் விதிகள் இவ்வகையில் இன்னும் விரிவானவை. அங்கே 2005 டிசம்பரில், வழக்கமான ஓட்டுநருக்கு மாற்றாக வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவன் அழைப்பு மைய ஊழியர் ஒருவரை ஏற்றிச் சென்று கொன்றான். அந்நிறுவனத்தின் தலைவர் மீதே அம்மாநிலத் தொழிலாளர் துறை வழக்குத் தொடுத்தது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வேண்டும் என்ற அவருடைய வேண்டுகோளை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓட்டுநரின் வரலாற்றை ஆராய்ந்த பின்னரே அமர்த்தல் வேண்டும். வழியையும் ஓட்டுநரையும் மாற்றுவது மேற்பார்வையாளருக்கு முன்னரே தெரிதல் வேண்டும். பெண் ஊழியர் முதலில் ஏற்றப்படுபவராகவும் இறுதியில் இறக்கப்படுபவராகவும் இருத்தல் ஆகாது. அவர்தம் தொலைபேசி எண் உரிமையற்றோர் கையில் சேரலாகாது. இரவு வண்டியில் காவலர் இருத்தல் வேண்டும். வண்டிகளின் போக்கைக் கண்காணிக்க ஓர் அறை இருத்தல் வேண்டும். இவையே அவ்விதிகளின் சாரம். பூனாவில் உள்ள நிறுவனங்கள் பலவற்றுக்குப் பெங்களூரிலும் கிளை உண்டு. அங்கே செய்வதனை இங்கேயும் செய்க என்று கேட்பது, கடினமான வேண்டுகோள் அன்று.

இவ்விதிகளுள் இறுதியில் இறக்கப்படுபவர் பற்றியது சொல்லுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கராடியிலிருந்து இரவு 10-45-க்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று கொள்வோம். அதில் மூவர் இருக்கின்றனர். விமான் நகரில் இறங்கும் பெண் ஒருவர். கிர்க்கியில் இறங்கும் ஆடவர் ஒருவர். தேஹு ரோட்டில் இறங்கும் பெண் ஒருவர். விமான் நகருக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அங்கிருந்து கிர்க்கிக்கு 9. கிர்க்கியிலிருந்து தேஹு ரோட்டுக்கு 18. வழி நேரானது, மொத்தம் 32 கிலோமீட்டர். ஆனால் இறுதிப் 18 கிலோமீட்டரிலும் தேஹு ரோட்டுப் பெண் ஓட்டுநரோடு தனித்திருக்கிறார்.

இதனை மாற்ற வழி இரண்டே. ஒன்று, தேஹு ரோட்டுப் பெண்ணை இறக்கிவிட்டு வண்டி திரும்பி வந்து கிர்க்கியில் ஆடவரை இறக்குவது. அப்போது வண்டி 50 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வாடகை என்று கொண்டால், இரவுக்கு 360 ரூபாய் கூடுதல். மாதத்தில் 22 இரவுக்கு 7,920 ரூபாய். கிர்க்கி ஆடவரும் நாள்தோறும் முக்கால் மணி நேரம் பிந்தியே உறங்கச் செல்லுவார். அவரும் நம் பிள்ளைதான்; அவருடைய உறக்கத்தைக் கேளாமலே செலவிடுவது முறையன்று. மற்றொரு வழி, காவலர் ஒருவரை வண்டியில் அமர்த்துவது. வண்டி 32 கிலோமீட்டரே ஓடும். ஒருவருக்கும் நேரம் வீணாகாது. காவலர் அவ்வண்டியிலேயே அலுவலகத்துக்குத் திரும்புவார். ஆனால் அவருக்குச் சம்பளம் தர வேண்டும்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படும். வரிசையை எப்படி மாற்றினாலும், எவரேனும் ஒருவர் இறுதியில் இருந்தே தீருவர். வண்டியில் வருவோர் அனைவரும் பெண்களாயின், காவலர் இல்லாமல் அவ்விதியைக் காப்பாற்ற இயலவே இயலாது. ஆகவே, ‘வரிசையைப் பார்த்துப் போடுகிறோம்’ என்று மேலாளர் சொல்லும்போது, ‘இன்றைய வரிசையில் இறுதியில் இருப்பவர் யார், அவரோடு இருப்பவர் யார்’ என்று கேட்பதே சரியான கேள்வி. காலையிலோ மாலையிலோ வேலைக்கு ஏற்றிச் செல்லும்போது இக்கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அங்கே முதலில் ஏறுபவரே தனித்திருப்பவர். 2007-இல் நிகழ்ந்தது அதுவே.

வண்டி போகும்போது கவனிப்போர் உண்டா என்பதனை அறிய, இரு கேள்விகள் போதும். அடுத்தவர் காத்திருக்கும் இடத்துக்கு வண்டி பத்து நிமிடம் பிந்தினால், கண்காணிப்பு அறையிலிருந்து ஓட்டுநருக்கும் உள்ளிருப்பவருக்கும் அழைப்பு வருகிறதா? பயணம் முடிந்தது என்று குறிக்கப்படுவது ஓட்டுநர் சொல்லியா, வீடு சேர்ந்தவர் சொல்லியா? ஓட்டுநர் சொல்லைக் கொண்டே பயணத்தை முடித்துக் குறிக்கும் இடத்தில், சக்கரம் பஞ்சர் ஆயிற்று என்ற பொய்யும் உண்மையாகவே பதிவாகும்.

இனி, பெரும்பாலான இல்லங்களில் நிகழும் துன்பத்துக்கு வருவோம். அது இரவு ஷிப்டில் இருப்போரின் துன்பம் அன்று. அவர்களுக்குப் பெரும்பாலும் வண்டி உண்டு. பகல் வேலையில் சேர்ந்து, ஏழு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள், ‘இன்று மட்டும்’ என்று பத்து மணி வரை நிறுத்தப்படுகிறார்களே, அவர்களுடைய துன்பமே பெரிது. காரணம் யாது? நிறுவனத்தின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க், அன்றிரவு யார் யாருக்கு வண்டி என்ற பட்டியலை மாலையிலேயே முடித்துவிடுகிறது. எந்த வீதி, எத்தனை வண்டி, எத்தனை காவலர் என்பதெல்லாம் அப்பட்டியலைக் கொண்டே முடிவாகின்றன. மேலாளரோ ஏழு மணிக்கு மேல்தான் வேலை முடியவில்லை என்பதனைக் காண்கிறார். அப்போது பட்டியலில் பெயரில்லை. பெயரில்லாதவருக்கு வண்டி இல்லை. பேருந்து குறைந்துவிட்டது, ஆட்டோக்காரர் கேட்ட விலையைச் சொல்லுகிறார். ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் ஒரு பெண் புறவழிச் சாலையில் தனியே நிற்கிறாள்.

இக்குறையைப் பொதுவாக ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று கேட்டால் தீராது. பட்டியல் முடியும் நேரத்துக்கும், பிந்தி இருக்கச் சொல்லும் நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியே குறை என்று சுட்டிக் கேட்டால்தான் தீரும். அதற்குச் சான்று வேண்டும். இரண்டு வாரம் ஒரு சிறு ஏட்டில் ஐந்து செய்திகளைக் குறித்து வையுங்கள். புறப்படவேண்டிய நேரம், உண்மையில் அலுவலகத்தை விட்ட நேரம், பிந்தி இருக்குமாறு சொல்லப்பட்ட நேரம், வீடு சேர்ந்த நேரம், வந்த வகை. நிறுவன வண்டியாயின் அதன் எண்ணும், காவலர் இருந்தாரா என்பதும், இறுதியில் இறங்கியவர் யார் என்பதும் சேரட்டும். பத்து நாளில் ஆறு நாள் பிந்தியது என்று ஏடு சொல்லுமானால், ‘இன்று மட்டும்’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

தனியே சென்று கேட்பதினும், ஒரே குழுவில் பணிபுரியும் நால்வர் ஐவர் சேர்ந்து கேட்டல் நன்று. ஆடவரும் அதில் சேர்தல் மிக நன்று. முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லுக. அவர் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளுவார். ஆனால் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் அவர் கையில் இல்லை. ஆகவே அன்றே எழுத்திலும் தருதல் வேண்டும், எச்.ஆர். பகுதிக்கும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கும் படி செல்லுதல் வேண்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டுவதில்லை. இவ்வாறு அமையலாம்:

‘கடந்த இரண்டு வாரத்தில் எங்கள் குழுவினர் ஆறு நாட்கள் இரவு 9-30-க்குப் பின்னர் புறப்பட்டனர். அவற்றுள் நான்கு நாட்களில், மாலைப் பட்டியல் முடிந்த பின்னரே பிந்தி இருக்குமாறு சொல்லப்பட்டமையால் வண்டி கிடைக்கவில்லை. நாள், நேர விவரம் இத்துடன் உள்ளது. வேலையை முடித்துத் தருவதில் எங்களுக்குத் தடையில்லை. மூன்று ஏற்பாடுகளை வேண்டுகிறோம். ஒன்று, பிந்தி இருக்கவேண்டும் என்பதனைப் பட்டியல் முடியுமுன் தெரிவித்தல். இரண்டு, அதன்பின் தெரிவிக்க நேர்ந்தால், வண்டிக்கு இசைவளிக்கும் பொறுப்பு அவ்வாறு தெரிவிப்பவரையே சாருதல். மூன்று, இரவு 9-30-க்கு மேல் பெண் ஊழியர் இறுதியாக இறங்கும் வண்டியில் காவலர் இருத்தல். இரண்டு வாரத்துக்குள் மறுமொழி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

இக்கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லை. அச்சமூட்டும் சொல்லும் இல்லை. ஆனால் மறுமொழி தரவேண்டிய நாள் இருக்கிறது. இரண்டாம் வேண்டுகோளே இதன் உயிர்நாடி. பிந்தி நிறுத்துவோர் கையிலேயே வண்டியின் செலவும் பொறுப்பும் இருக்குமானால், தேவையின்றிப் பிந்தி நிறுத்துதல் தானே குறையும்.

வரக்கூடிய மறுமொழிகளையும் எண்ணிப் பார்ப்போம். ‘வெளி வண்டியில் செல்லுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்பது ஒன்று. பணம் கிடைப்பது நலமே. ஆயினும் அவ்வண்டியின் ஓட்டுநரை நிறுவனம் ஆராய்ந்ததில்லை. அதன் போக்கையும் கண்காணிப்பதில்லை. வீட்டிலுள்ளோருக்குப் பயணக் குறிப்பை அனுப்பலாம். ஆனால் தூத்துக்குடியில் இருக்கும் தந்தை, வண்டி திசை மாறியதைக் கண்டு என்ன செய்ய இயலும்? 112 என்ற எண்ணை அவர் அங்கிருந்து அழைத்தால், அழைப்பு நம் நகரத்துக் காவல் அறைக்குச் செல்லாது. ஆகவே, வெளி வண்டியே வழி என்று முடிவானால், அப்பயணக் குறிப்பு நிறுவனத்தின் கண்காணிப்பு அறைக்கும் செல்லவேண்டும் என்று கேளுங்கள்.

‘நீங்கள் இசைவுக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களே’ என்பது மற்றொன்று. வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களுள் அதுவும் ஒன்றாக இருக்கும். இசைவு என்பது இரவில் வேலை செய்தற்கே. வண்டி வேண்டா என்பதற்கு அன்று. இனிச் சேருவோர், ‘சட்டப்படியான பாதுகாப்பும் வீட்டு வாயில் வரை வண்டியும் அளிக்கப்படும் என்ற நிலையில் இசைகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுதல் நன்று.

‘இவ்வளவு கேட்டால் இனிப் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள்’ என்பது மூன்றாவது. இதனை மேலாளர் வாய்விட்டுச் சொல்லுவது அரிது. நம் பெண்களே தமக்குள் சொல்லிக்கொண்டு வாய் மூடியிருப்பர். இவ்வச்சம் பொய்யன்று. 9-30-க்கு முன்னர் பெண்களை அனுப்பிவிட்டு, நல்ல வேலைகளை ஆடவருக்கே தரும் குழுக்களும் உண்டு. அதனாலேதான் கடிதத்தில் ‘வேலையை முடித்துத் தருவதில் தடையில்லை’ என்று எழுதச் சொன்னோம். அதனாலேதான் ஆடவரும் கையொப்பமிடுதல் வேண்டும் என்றோம். வேண்டுகோள் வேலையிலிருந்து விலக்குக் கேட்பதாக இருத்தல் ஆகாது. வழி கேட்பதாகவே இருத்தல் வேண்டும்.

ஆடவரைப் பற்றி ஒரு சொல். பெண்களுக்கு வண்டி தரவேண்டும் என்று கூறும் சட்டம், பதினான்கு மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞனைப் பற்றி அவ்வாறு கூறவில்லை. ஆயினும் வழியில் அவனுக்குத் தீங்கு நேர்ந்தால், அது வேலையின்பாற்பட்டதா என்ற கேள்வி நீதிமன்றங்களில் பலகாலமாக எழுந்துள்ளது.

1957 ஜூலை மாதத்தில், பம்பாயில் பெஸ்ட் நிறுவனத்தின் பேருந்து ஓட்டுநர் ஒருவர், அன்றைய வேலையை முடித்து வண்டியை ஜோகேஷ்வரி டிப்போவில் விட்டுவிட்டு, சாந்தா குரூஸில் இருந்த தம் வீட்டுக்கு அந்நிறுவனத்தின் மற்றொரு பேருந்தில் ஏறினார். அப்பேருந்து நின்றிருந்த லாரியில் மோதியது. சில நாட்களில் அவர் இறந்தார். வேலை முடிந்த பின்னர் நேர்ந்தது என்று நிறுவனம் வாதாடியது. 1963-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், அப்பேருந்தில் அவர் சென்றதும் வேலையின் தொடர்ச்சியே என்று கொண்டு, அவர் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்றனர்.

மற்றொன்று அண்மைக் காலத்தது. 2003 ஏப்ரலில் உஸ்மானாபாத் பகுதியில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளர், அதிகாலை 3 மணிக்குத் தொடங்கும் வேலைக்காக மோட்டார் சைக்கிளில் சென்றார். ஆலைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இருக்கையில் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் தந்த தொகையை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் அளித்தது. விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிலைநாட்டப்படுமானால், வேலைக்குச் செல்லும் வழியும் திரும்பும் வழியும் வேலையில் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

தொடர்பு நிலைநாட்டப்படுமானால் என்ற நிபந்தனையை நன்கு கவனியுங்கள். இரவு பதினொன்றுக்குக் கராடியில் இருந்தான் என்பதற்கும், பிந்தி நிற்கச் சொல்லப்பட்டான் என்பதற்கும் சான்று வேண்டும். வாயிலில் அட்டை தேய்த்த நேரமும், மேலாளர் அனுப்பிய குறிப்பும், நாம் சொன்ன அவ்வேடும் அங்கே பயன்படும். குடும்பத்துக்கு இருபத்திரண்டு ஆண்டு காத்திருக்க நேர்ந்ததையும் மறவாதிருப்போம். தீர்ப்பு வந்தது, தந்தை வரவில்லை. தூக்கம் கண்ணை இழுக்கும் இரவில் வண்டியை அலுவலகத்திலேயே நிறுத்திவிட்டு நிறுவன வண்டியில் இடம் கேட்பது, எந்த இழப்பீட்டினும் மேலானது. கடிதத்தில் ஆடவர் பெயரும் பட்டியலில் சேர்க்கப்படவேண்டும் என்று ஒரு வரி எழுதினால், அது கைகூடும்.

குறித்த நாளில் மறுமொழி வராவிடில், அக்கடிதத்தின் படியோடு சிவாஜி நகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். ஆயின் பெரும்பாலான இடங்களில் அவ்வளவு தூரம் போகவேண்டி வராது. ஏட்டில் நேரத்தைக் குறித்து, ஐவர் கையொப்பமிட்டுத் தந்த கடிதத்தை எச்.ஆர். பகுதியினர் எளிதில் ஒதுக்கமாட்டார்கள். ஏனெனில், நாளை ஏதேனும் நிகழ்ந்தால் தமக்கு முன்னரே தெரியாது என்று அவர்கள் சொல்ல இயலாது.

முடிவாக, இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாம் வீடு பார்த்துத் தருகிறோம். அரிசிக் கடையையும் கோவிலையும் காட்டுகிறோம். அவர்கள் வேலையில் சேருமுன் மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லித் தருவோம். வண்டிப் பட்டியல் எத்தனை மணிக்கு முடிகிறது? இறுதியில் இறங்குபவருடன் யார் இருப்பார்? வீடு சேர்ந்ததை உறுதி செய்பவர் யார்? விடை எழுத்தில் வரட்டும். நம் மூத்தோருள் தொழிலாளர் சட்டம் அறிந்தோரும், தொழிற்சங்க அனுபவம் உடையோரும் இருக்கின்றனர். இளையோர் எழுதும் கடிதத்தை அனுப்புமுன் ஒருமுறை படித்துத் திருத்தித் தர அவர்கள் முன்வருதல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.